எக்ஸ்பைரிகளைப் பிரித்தால் அபாயம் பாதியாகுமா?

*ஐயா, எனக்கு வயது 46. சொந்தமாகச் சிறு தொழில் செய்கிறேன். பங்குச் சந்தைக்கென 20 லட்ச ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். அதில் 12 லட்சம் ஈக்விட்டி மியூச்சுவல் ஃபண்டாக ஈடு வைக்கப்பட்டுள்ளது. 8 லட்சம் ரொக்கம். ஒவ்வொரு வாரமும் நிஃப்டி வார ஆப்ஷனில் கீழே ஒரு புட், மேலே ஒரு கால் என 4 லாட் ஸ்ட்ராங்கிள் விற்று, செவ்வாய்க்கிழமை எக்ஸ்பைரி வரை வைத்திருப்பேன். ஐந்து மாதம் சேர்த்த லாபம் சென்ற மாதம் ஒரே எக்ஸ்பைரி வாரத்தில் போய்விட்டது. இனி எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் வைக்காமல், அடுத்தடுத்த நான்கு எக்ஸ்பைரிகளில் தலா 2 லாட் விற்கலாம் என்று இருக்கிறேன். ஒரு வாரம் கெட்டாலும் மற்ற மூன்று வாரங்கள் காப்பாற்றும், ஒரு எக்ஸ்பைரியில் இருக்கும் அபாயமும் பாதியாகிவிடும் என்பது என் எண்ணம். இது சரியா? மனைவி அடியோடு நிறுத்தச் சொல்கிறார்.*
*— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்*

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் துணைவியார் சொன்னதற்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன் ‘பாதி’ என்று நீங்கள் எழுதியிருக்கும் அந்த ஒரு சொல்லைத்தான் நாம் முதலில் சரிசெய்ய வேண்டும். உங்கள் புதிய திட்டத்தின் மொத்த ஆபத்தும் அதற்குள்தான் இருக்கிறது.

ஒரு எக்ஸ்பைரிக்கு இத்தனை லாட் என்று நீங்கள் எண்ணுகிறீர்கள். சந்தை அப்படி எண்ணாது. திங்கட்கிழமை காலை நிஃப்டி 5% கீழே திறந்தால், இந்த வாரம் முடியும் புட், அடுத்த வாரம் முடியும் புட், மாதக் கடைசியில் முடியும் புட் எல்லாம் அதே 9.15 மணிக்கு அடிவாங்கும். எக்ஸ்பைரி தேதிகள்தான் வேறு வேறு. அவற்றுக்கு அடியில் இருக்கும் குறியீடு ஒன்றுதான். இதுவரை உங்களிடம் 4 லாட் இருந்தது. புதிய திட்டத்தில் எந்த நாளில் பார்த்தாலும் 8 லாட் இருக்கும். பாதியாக்குவதாக நினைத்துக்கொண்டு இரட்டிப்பாக்கப் போகிறீர்கள்.

எண்களில் பார்ப்போம்

நிஃப்டி 25,000 என்று வைத்துக்கொள்வோம். ஒரு லாட் 65 யூனிட். சந்தை அமைதியாக இருக்கிறது, ஆப்ஷன் விலைகளில் அடங்கியிருக்கும் ஏற்ற இறக்கம் சுமார் 12%. இந்த நிலையில் ‘பத்தில் ஒரு வாய்ப்பில்தான் இந்த விலைக்குக் கீழே போகும்’ என்று கருதப்படும் புட்களை விற்பதாகக் கொள்வோம். 7 நாளில் முடிவதற்கு அந்த விலை, அதாவது ஸ்ட்ரைக், 24,450. 14 நாளுக்கு 24,250. 21 நாளுக்கு 24,100. 28 நாளுக்கு 23,950. வழக்கமான ஆப்ஷன் விலைச் சூத்திரப்படி இவற்றின் பிரீமியம் முறையே 18, 28, 36, 41 ரூபாய் அளவில் வரும். உண்மைச் சந்தையில் கீழ் ஸ்ட்ரைக் புட்கள் சற்றுக் கூடுதல் விலைக்குப் போகும். நாம் பார்க்கப்போகும் ஒப்பீட்டை அது பெரிதாக மாற்றாது.

மறுநாள் நிஃப்டி 5% விழுந்து 23,750க்கு வருகிறது. அப்படி விழும்போது பதற்றமும் விலைக்குள் ஏறும். அருகில் முடியும் ஆப்ஷனில் அது அதிகமாகவும், தொலைவில் முடிவதில் குறைவாகவும் ஏறுவது வழக்கம். அருகில் 25%, தொலைவில் 18% வரை போனதாகக் கொள்கிறேன். அப்போது ஒவ்வொரு புட்டிலும் ஒரு யூனிட்டுக்கு நஷ்டம் சுமார் 755, 635, 585, 530 ரூபாய்.

இந்த நான்கு எண்களைச் சற்று நேரம் பாருங்கள். 28 நாள் புட்டின் ஸ்ட்ரைக் வாரப் புட்டைவிட 500 புள்ளி கீழே இருக்கிறது. அவ்வளவு தள்ளி நின்றும் நஷ்டம் மூன்றில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. தூரத்தில் கிடைக்கும் பாதுகாப்பை, மீதமிருக்கும் நாட்களின் விலை ஏற்றம் சாப்பிட்டுவிடுகிறது. பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். தொலைவு எக்ஸ்பைரி என்றால் பத்திரம் என்று தோன்றும். ஆனால் அது பதற்றத்துக்கு அதிகம் ஆடும் ஆப்ஷன்.

இதை உங்கள் கணக்குக்குக் கொண்டுவருவோம். பழைய முறைப்படி 4 லாட்டும் வார எக்ஸ்பைரியில் இருந்தால் புட் பக்க நஷ்டம் சுமார் 1.96 லட்சம் ரூபாய். அதே 4 லாட்டை எக்ஸ்பைரிக்கு ஒன்றாகப் பிரித்திருந்தால் 1.63 லட்சம். ஆறில் ஒரு பங்குதான் குறைந்தது. நீங்கள் திட்டமிட்டிருக்கும் தலா 2 லாட் என்றால் 3.26 லட்சம். கால் பக்கத்தில் விற்ற ஆப்ஷன்கள் பூஜ்யமானாலும் அதில் கிடைப்பது நீங்கள் வாங்கிய சில ஆயிரம் பிரீமியம் மட்டுமே. ஆக, பழைய முறையில் ஐந்து மாத லாபத்தைத் தின்ற அதே அளவு அடி மீண்டும் வந்தால், புதிய முறையில் எட்டு மாத லாபத்துக்கு மேல் தின்னும்.

அப்படியானால் பிரிப்பதில் பயனே இல்லையா?

உண்டு. ஆனால் நீங்கள் தேடும் இடத்தில் இல்லை.

முதல் பயன், எக்ஸ்பைரிக்கு முந்தைய ஓரிரு நாட்களின் வேகத்திலிருந்து விலகி நிற்பது. உங்களுக்குச் சென்ற மாதம் நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். நிஃப்டி 24,600இல் இருக்கிறது, நாளை எக்ஸ்பைரி, நீங்கள் 24,450 புட் விற்றிருக்கிறீர்கள் என்று வையுங்கள். அதன் விலை 20 ரூபாய் அளவில் இருக்கும். நிஃப்டி 250 புள்ளி இறங்கினால் அது 115ஐத் தொடும். ‘இன்னும் சமாளிக்கலாம்’ என்று தோன்றும் இடம் இதுதான். இன்னொரு 250 இறங்கினால் 350. அதாவது முதல் 250 புள்ளிக்கு 95 ரூபாய் ஏறியது, அடுத்த 250க்கு 235 ஏறியது. இதே சரிவில் 28 நாள் மீதமுள்ள 23,950 புட்டை எடுத்துக்கொண்டால், முதல் 250க்கு 75 அளவும் அடுத்த 250க்கு 95 அளவும் ஏறும். நஷ்டம் வருகிறது, ஆனால் கிட்டத்தட்ட ஒரே நடையில் வருகிறது. முடிவெடுக்க உங்களுக்கு நேரம் கிடைக்கிறது. நஷ்டம் தன் வேகத்தைத் தானே கூட்டிக்கொள்ளும் இந்தக் குணத்தைத்தான் சந்தையில் காமா என்கிறார்கள். அது கடைசி இரண்டு நாட்களில் உச்சத்தில் இருக்கும். உங்கள் 4 லாட்டும் ஒவ்வொரு வாரமும் அந்த உச்சத்தைக் கடந்துதான் வந்துகொண்டிருந்தன.

இரண்டாவது பயன் இதைவிட முக்கியமானது. இதை விளக்க ஒரு வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும். நான்கு எக்ஸ்பைரிகளிலும் இன்று ஒரே நாளில் விற்பது வேறு. வாரம் ஒரு லாட் வீதம், ஒவ்வொரு முறையும் 28 நாள் தள்ளி முடிவதை விற்று, அவை வரிசையாக அருகில் வரவிடுவது வேறு. இரண்டாவது முறையில் நான்கு வாரத்துக்குப் பிறகு உங்களிடம் நான்கு எக்ஸ்பைரிகளிலும் ஒரு லாட் இருக்கும். சந்தை அதே 25,000இல் நின்றிருந்தால், இந்த வாரம் முடியப்போகும் புட்டின் ஸ்ட்ரைக் 24,450 அல்ல, 23,950. ஏழு நாள்தான் மீதி, ஆனால் 1,050 புள்ளி தள்ளி நிற்கிறது. இந்த நிலையில் அதே 5% சரிவு வந்தால் நான்கு லாட்டுக்கும் சேர்த்து நஷ்டம் சுமார் 1.24 லட்சம். 1.96 எங்கே, 1.24 எங்கே! பிரித்ததன் உண்மையான பலன் இந்த வித்தியாசம்தான். எக்ஸ்பைரிகளின் எண்ணிக்கையால் மட்டும் இது கிடைக்கவில்லை. தள்ளி விற்று, காத்திருந்து, அருகில் வரும்போது தூரமாக நிற்கும் ஸ்ட்ரைக்கால் கிடைத்தது. இதிலும் ஒரு வரம்பு இருக்கிறது. சந்தை நான்கு வாரமாக மெதுவாக இறங்கிக்கொண்டே வந்திருந்தால், பழைய ஸ்ட்ரைக்குகள் எல்லாம் நெருங்கி நிற்கும், இந்த அனுகூலம் கரைந்துபோகும்.

இதற்கு நீங்கள் கொடுக்கும் விலையையும் மறைக்காமல் சொல்கிறேன். பழைய முறையில் வாரத்துக்குப் புட் பக்கம் 18 ரூபாய் வீதம் 4 லாட்டுக்கு 4,680 ரூபாய் வந்தது. வாரம் ஒரு லாட் 28 நாள் புட் விற்றால் வருவது 41 ரூபாய் வீதம் 2,665 ரூபாய். வருமானம் கிட்டத்தட்ட பாதிக்கு வருகிறது. இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்களுக்கு மனம் தடுமாறும். ‘அபாயம்தான் பிரிந்துவிட்டதே, எக்ஸ்பைரிக்கு இரண்டு லாட்டாகப் போட்டால் பழைய வருமானம் வந்துவிடும்’ என்று தோன்றும். உங்கள் தலா 2 லாட் என்ற எண் அங்கிருந்துதான் வந்திருக்கும் என்று ஊகிக்கிறேன்.

2024 ஜூன் முதல் வாரம்

தேர்தல் முடிவு வந்த அந்த வாரத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஜூன் 3 திங்கட்கிழமை நிஃப்டி 3.25% ஏறி 23,263இல் முடிந்தது. மறுநாள் 5.93% விழுந்து 21,884. அதற்கு மறுநாள் 3.36% ஏற்றம். அப்போது எக்ஸ்பைரி வியாழக்கிழமை: ஜூன் 6, 13, 20, 27. நான்கிலும் பிரித்து விற்றவருக்கும், ஒன்றில் மட்டும் விற்றவருக்கும் திங்கட்கிழமை கால் பக்கம் அடி. செவ்வாய்க்கிழமை புட் பக்கம் அடி.

அன்று முற்பகல் என்னிடம் ஆலோசனை பெறும் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அவர் மூன்று எக்ஸ்பைரிகளில் 22,200க்கும் அதற்குக் கீழும் புட் விற்றிருந்தார். திரையில் மார்ஜின் பற்றாக்குறை சிவப்பில் ஓடிக்கொண்டிருக்கிறது, தரகு நிறுவனம் எந்த நிமிடமும் தானாகவே கணக்கை முடித்துவிடும் என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே முடித்துவிட்டார்கள். அன்றைய குறைந்தபட்சம் 21,281. அந்தப் பள்ளத்துக்கு அருகிலேயே, புட் விலைகள் வீங்கியிருந்த வேளையில், அவருடைய ஆப்ஷன்கள் திரும்ப வாங்கப்பட்டன. இரண்டு நாள் கழித்து ஜூன் 6 எக்ஸ்பைரியில் நிஃப்டி 22,821இல் முடிந்தது. அவர் விற்ற 22,200 புட் அன்று பூஜ்யம்.

இதைக் கேட்டு ‘பிடித்துக்கொண்டிருந்தால் போதும்’ என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். 2020 பிப்ரவரி 20 அன்று 12,080இல் இருந்த நிஃப்டி மார்ச் 23 அன்று 7,610. அந்த ஐந்து வாரத்தில் பிடித்துக்கொண்டிருந்தவரின் புட்கள் ஒவ்வொரு எக்ஸ்பைரியாக, வரிசையாக எரிந்தன. பிரித்து வைத்தது ஒரு கெட்ட வாரத்தை நான்கு கெட்ட வாரங்களாக்கியது, அவ்வளவுதான். 2024 ஜூனிலிருந்து நான் எடுத்துக்கொள்வது வேறு: தொலைவு எக்ஸ்பைரி தரும் அவகாசம், கையில் உபரிப் பணம் இருப்பவருக்குத்தான் அவகாசம். மார்ஜின் விளிம்பில் நிற்பவருக்கு எல்லா எக்ஸ்பைரிகளும் அன்று காலையிலேயே முடிந்துவிடுகின்றன.

அதே மாதத்தில் இன்னொரு பிழையையும் பார்த்தேன். ஜூன் 4 சரிவுக்குப் பிறகு, புட் நஷ்டத்தை ஈடுகட்டுவதற்காகச் சிலர் 27ஆம் தேதி எக்ஸ்பைரியின் கால்களைக் கீழே இறக்கி விற்றார்கள். நிஃப்டி ஜூன் 27இல் 24,044க்குப் போய்விட்டது. முதல் அடி கீழ்ப்பக்கம், இரண்டாவது அடி மேல்பக்கம். சரிசெய்கிறேன் என்ற பெயரில் மற்ற எக்ஸ்பைரிகளைத் தொடும்போது, பிரித்து வைத்ததன் பொருளே போய்விடுகிறது.

உங்கள் மார்ஜின் எங்கே நிற்கிறது

இந்த நிலையில்தான் உங்கள் 12 லட்சமும் 8 லட்சமும் எனக்குக் கவலை தருகின்றன. ஒரு லாட் நிஃப்டி ஸ்ட்ராங்கிளுக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் மார்ஜின் தேவைப்படும் என்று கொண்டால், 8 லாட்டுக்கு 16 லட்சம். இரவு தாண்டி வைத்திருக்கும் நிலைகளுக்கு மார்ஜினில் குறைந்தது பாதியாவது ரொக்கமாகவோ ரொக்கத்துக்குச் சமமானதாகவோ இருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் ரொக்கம் 8 லட்சம். 16இல் பாதி 8. சந்தை அமைதியாக இருக்கும் நாளிலேயே நீங்கள் கோட்டின் மேல் நிற்கப் போகிறீர்கள்.

சரிவு வரும் நாளில் மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கும். விற்ற ஆப்ஷன்களுக்குக் கேட்கப்படும் மார்ஜின் உயரும். ஈடு வைத்த ஈக்விட்டி ஃபண்டின் மதிப்பு இறங்கும். பற்றாக்குறையை நிரப்ப அந்த ஃபண்டை விற்கலாமென்றால் பணம் கைக்கு வர நாளாகும். நஷ்டத்துக்கு எதிரான காப்பாக நீங்கள் வைத்திருப்பது, நஷ்டம் வரும் அதே காரணத்தால் சுருங்கும் சொத்து. இதை மட்டும் மாற்றினாலே உங்கள் நிலை கணிசமாகத் திருந்தும். அந்த 12 லட்சத்தில் ஒரு பகுதியை, ரொக்கத்துக்குச் சமமாக ஏற்கப்படும் லிக்விட் ஃபண்டுக்கோ அரசுப் பத்திரத்துக்கோ மாற்றுங்கள். மாற்றும்போது மூலதன ஆதாய வரி வருமா என்பதை உங்கள் தணிக்கையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மார்ஜினில் பிரிப்பதற்கு ஒரு நியாயமான அனுகூலமும் இருக்கிறது. செபி 2024 அக்டோபர் 1 அன்று வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, எக்ஸ்பைரி நாளன்று அன்றே முடியும் குறியீட்டு ஆப்ஷனை விற்று வைத்திருப்பவர்களுக்கு ஒப்பந்த மதிப்பில் 2% கூடுதல் மார்ஜின். நிஃப்டி 25,000 என்றால் ஒரு லாட்டுக்கு 32,500 ரூபாய். பழைய முறையில் 4 புட், 4 கால் ஆக எட்டுக்கும் சேர்த்து 2.60 லட்சம் ரூபாய் செவ்வாய்க்கிழமை காலையில் கேட்கப்படும். பிரித்து வைத்து, எக்ஸ்பைரிக்கு ஒரு லாட் ஸ்ட்ராங்கிள் என்றால் 65,000. எக்ஸ்பைரி நாளுக்கு முன்பே முடித்துவிட்டால் அதுவும் இல்லை.

செய்வதென்றால் எப்படி

நிறுத்துவதா தொடர்வதா என்பது உங்கள் முடிவு. தொடர்வதென்றால் நான் இந்த வரிசையில் செய்யச் சொல்வேன்.

முதலில் எத்தனை எக்ஸ்பைரி, எத்தனை லாட் என்று தொடங்காதீர்கள். ‘நாளை காலை நிஃப்டி 5% தள்ளித் திறந்தால் நான் தாங்கக்கூடிய நஷ்டம் எவ்வளவு?’ என்று ஒரு எண்ணைத் தாளில் எழுதுங்கள். உங்கள் 20 லட்சத்துக்கு அதை 1 லட்சம் என்று வைப்போம். எல்லா எக்ஸ்பைரிகளும் சேர்ந்து அந்த ஒரு எண்ணுக்குள் அடங்க வேண்டும். எக்ஸ்பைரிக்குத் தனி எண் கிடையாது.

விற்று மட்டும் வைக்கும் நிலையில், வாரம் ஒரு லாட்டாக நன்றாக நடத்திக்கொண்டு வந்தாலும் 5% சரிவில் 1.24 லட்சம் என்று பார்த்தோம். 8% விழுந்தால் இன்னும் அதிகம், விழ விழ அது கூடிக்கொண்டே போகும். ஆகவே ஒவ்வொரு முறை விற்கும்போதும் 400 புள்ளி கீழே ஒரு புட்டை வாங்கிவிடுங்கள். 23,950 விற்றால் 23,550 வாங்குவது. அப்போது ஒரு லாட்டில் அதிகபட்ச நஷ்டம் 400 வீதம் 26,000 ரூபாய், நான்குக்கும் சேர்த்து 1.04 லட்சம், வாங்கிய பிரீமியத்தைக் கழித்தால் ஏறக்குறைய உங்கள் எண்ணுக்குள் வந்துவிடுகிறது. சந்தை 5% விழுந்தாலும் 13% விழுந்தாலும் அதற்கு மேல் போகாது. இதற்கான செலவு மேலே சொன்ன சூத்திரக் கணக்கில் 41 ரூபாயில் 14; நடைமுறையில் பாதிவரை போகலாம். மேல்பக்கம் கால் விற்றால் அதற்கும் இப்படியே ஒன்று வாங்க வேண்டும். வாங்கிய ஆப்ஷன் விற்றதன் அதே எக்ஸ்பைரியில் இருக்கட்டும். வேறு எக்ஸ்பைரியில் வாங்கி வைத்தால், விற்றது முடியும் நாளில் அதற்கான மார்ஜின் சலுகை கிடைக்காது; 2025 பிப்ரவரி முதல் அதுதான் நடைமுறை. இப்படி வாங்கும்போது மார்ஜின் வெகுவாகக் குறையும். குறைந்ததை வைத்து லாட்டைக் கூட்டாதீர்கள். உங்கள் அளவைத் தீர்மானிப்பது தாளில் எழுதிய எண், மார்ஜின் அல்ல.

அடுத்தது, ஒவ்வொன்றையும் எக்ஸ்பைரிக்கு ஒரு வாரம் இருக்கும்போதே முடித்துவிடுவது. சந்தை பெரிதாக அசையாவிட்டால் 41 ரூபாய்க்கு விற்ற 23,950 புட், ஏழு நாள் மீதியிருக்கும்போது ஒற்றை இலக்கத்துக்கு வந்திருக்கும். தொலைவு ஸ்ட்ரைக்குகள் தங்கள் மதிப்பின் பெரும்பகுதியைக் கடைசி வாரத்துக்கு முன்பே இழந்துவிடுகின்றன. அந்த மிச்சச் சில ரூபாய்க்காகக் காமா உச்சத்தில் இருக்கும் நாட்களைக் கடக்க வேண்டியதில்லை. ‘கெட்ட எக்ஸ்பைரி வாரம்’ என்ற உங்கள் பயத்துக்கு நேரான மருந்து இதுதான்: எக்ஸ்பைரி வாரத்தில் எதுவும் கையில் இல்லாமல் இருப்பது.

எந்த எக்ஸ்பைரிகள் என்பதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. மூன்று, நான்கு வாரம் தள்ளி முடியும் வார ஆப்ஷன்களில் வியாபாரம் மெலிவாக இருக்கும். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி 3 ரூபாய் என்றால், 41 ரூபாய் பிரீமியத்தில் போகவும் வரவும் அது கணிசம். நெருக்கடி நாளில் அந்த இடைவெளி பல மடங்காகும். எனவே மாத எக்ஸ்பைரிகளை முதுகெலும்பாக வைத்துக்கொண்டு, நடுவில் உள்ள வாரங்களில் ஆர்டர் வரிசையைப் பார்த்து, இரு பக்கமும் ஆள் இருந்தால் மட்டும் இறங்குங்கள். இல்லாத வாரத்தை விட்டுவிடுங்கள். நான்கு கட்டாயம் நிரம்ப வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. விற்பதற்குச் சந்தை விலை ஆர்டர் வேண்டாம், விலை குறிப்பிட்டே போடுங்கள்.

நாட்காட்டியையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். பட்ஜெட், தேர்தல் முடிவு, ரிசர்வ் வங்கிக் கூட்டம் போன்றவை வரும்போது, அந்த நாளுக்குப் பின் முடியும் எல்லா எக்ஸ்பைரிகளும் அந்த ஒரு நிகழ்வைச் சுமக்கின்றன. அதற்கு முன் முடிவது மட்டும்தான் தப்பிக்கும். நிகழ்வு மூன்று வாரத்துக்குள் இருக்கிறது என்றால், உங்கள் நான்கும் நான்கல்ல.

பிரித்தது உண்மையில் வேலை செய்கிறதா என்று அறிய ஒரு எளிய வழி. வாரக் கடைசியில் உங்கள் தரகு நிறுவனத் தளத்திலோ, ஒரு விரிதாளிலோ, எல்லா நிலைகளையும் சேர்த்து வைத்து, நிஃப்டி 2%, 5%, 8% இருபுறமும் நகர்ந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். பதற்றம் உயர்வதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பல தளங்கள் அதைத் தனியே உள்ளிடச் சொல்லும், உள்ளிடாவிட்டால் தொலைவு எக்ஸ்பைரிகளின் நஷ்டம் குறைவாகத்தான் தெரியும். 5% கட்டத்தில் இருக்கும் தொகை உங்கள் தாளில் உள்ள எண்ணைத் தாண்டிவிட்டால் அந்த வாரம் புதிதாக எதையும் விற்காதீர்கள். தாண்டியதற்குக் காரணம் சந்தை இறங்கிப் பழைய ஸ்ட்ரைக்குகள் நெருங்கியதாகத்தான் இருக்கும். அப்போது அதிக பிரீமியம் கிடைக்கிறதே என்று தோன்றும். அந்த வாரம் விற்காமல் இருப்பதுதான் இந்த முறையிலேயே கடினமான பகுதி.

உங்கள் துணைவியார் கேட்பது

இப்படி எல்லாக் காப்பும் வைத்துச் செய்தால், வாரத்துக்குப் புட் பக்கம் ஒரு லாட்டில் 27 ரூபாய் வீதம் சுமார் 1,750 ரூபாய். கால் பக்கத்தையும் சேர்த்தால் 3,000 அளவில் வரலாம். அதுவும் தரகு, பரிவர்த்தனை வரி கழிப்பதற்கு முன். நஷ்ட வாரங்களைக் கணக்கில் எடுப்பதற்கும் முன். நல்ல வாரங்களில் 3,000 வாங்கிக்கொண்டு, ஒரு மோசமான திறப்பில் 1 லட்சம் கொடுக்கத் தயாராக இருக்கும் ஏற்பாடு இது. 33 நல்ல வாரங்கள் ஒரு கெட்ட நாளுக்குச் சமம். இந்தக் கணக்கை அவரிடம் அப்படியே காட்டுங்கள். அவர் நிறுத்தச் சொல்வது அச்சத்தால் மட்டும் என்று நினைக்காதீர்கள். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், பங்கு முன்பேரச் சந்தையில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நஷ்டமடைந்தார்கள் என்று செபியின் ஆய்வே சொல்கிறது. உங்கள் தொழிலில் ஒரு மாதம் கூடுதலாகக் கவனம் செலுத்தினால் வரக்கூடிய வருமானத்தோடு இதை ஒப்பிட்டு, இருவரும் சேர்ந்து முடிவெடுங்கள். நீங்கள் நிறுத்தினால் அதை நான் தோல்வியாகக் கருத மாட்டேன்.

எந்த முடிவானாலும் உடனே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இப்போது கையில் இருக்கும் 4 லாட்டை அப்படியே விட்டுவிட்டு, அதன்மேல் புதிய எக்ஸ்பைரிகளை ஏற்றத் தொடங்காதீர்கள். மாறும் வாரங்களில்தான் பழையதும் புதியதும் சேர்ந்து, யாரும் திட்டமிடாத அளவுக்கு நிலை பெருத்துவிடுகிறது. இந்த வாரத்தை எக்ஸ்பைரிக்கு முன்பே முடித்து, கணக்கைக் காலி செய்யுங்கள். அடுத்த வாரம் ஒரே ஒரு லாட், காப்புப் புட்டுடன். இரண்டாவது லாட் அதற்கு அடுத்த வாரம்.